கூலிப்படைக்கு விசுவாசம் இல்லையா? மாக்கியவெல்லியோடு ஒரு வாக்குவாதம்

தமிழில் "கூலிப்படை" என்று தேடிப் பாருங்கள். வருவதெல்லாம் கொலைச் செய்திகள்தான். சொத்துத் தகராறு, கூலிப்படையை ஏவி வெட்டிக் கொலை, நாலு பேர் கைது. நம் காதில் அந்தச் சொல் அரிவாளோடுதான் வருகிறது. ஆனால் பழைய உரைகளில் அது வசைச்சொல் கிடையாது. பரிமேலழகர் திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு உரை எழுதும்போது மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்று ஆறு வகை சொல்கிறார். கூலிப்படையும் அரசனின் படைகளில் ஒன்று, அவ்வளவுதான். அதே சமயம் ஆறிலும் சிறந்தது மூலப்படை, அதாவது பரம்பரையாக அரசனோடு இருந்துவரும் படை என்றும் சொல்லிவிடுகிறார். காசுக்கு வந்தவனைவிடக் காலங்காலமாக இருப்பவன் மேல் என்ற எண்ணம் நம்மிடமும் பழசுதான்.

இந்த எண்ணத்துக்கு உலக அளவில் பெரிய வக்கீல் மாக்கியவெல்லி. 'பிரின்ஸ்' நூலின் 12ஆம் அத்தியாயத்தை நான் முதலில் படித்தபோது மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்டேன். இப்போது அதைத் திரும்பப் படித்துவிட்டு, என் பழைய கருத்தில் பாதியை வாபஸ் வாங்கத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் சொல்வதன் சாரம் இது. கூலிப்படைக்காரனை உன்னிடம் பிடித்துவைப்பது சம்பளம் ஒன்றுதான். உனக்காகச் சாவதற்கு அந்தச் சம்பளம் போதாது. சமாதான காலத்தில் அவன் உன்னைச் சுரண்டுவான், போர் வந்தால் ஓடிவிடுவான். அவனுடைய தளபதி திறமைசாலியாக இருந்தால் உன் நாட்டையே பிடித்துக்கொள்வான். திறமை இல்லாதவனாக இருந்தால் தோற்று உன்னை அழிப்பான். ஆகவே சொந்தக் குடிமக்களைக் கொண்டு படை அமை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் தரும் உதாரணங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் சத்தம் வேறு மாதிரி வருகிறது.

எனக்கு முதலில் இடறியது ஜான் ஹாக்வுட். இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் பிறந்தவர். 1360களில் இத்தாலிக்கு வந்து பீசாவுக்காக ஃபுளோரன்ஸை எதிர்த்துச் சண்டை போட்டார். 1375இல் ஃபுளோரன்ஸ் எல்லையில் படையோடு வந்து நின்று, "உங்களைத் தொடாமல் இருக்க எவ்வளவு தருவீர்கள்?" என்கிற ரீதியில் பேசி 1,30,000 ஃபுளோரின் பொற்காசு வாங்கினார். நம்மூர் மாமூல்தான், அளவு பெரிது. இதுவரைக்கும் மாக்கியவெல்லி கட்சி ஜெயிக்கிறது.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். ஃபுளோரன்ஸ் அவருக்கு ஆயுள் முழுவதற்கும் வருடாந்தரத் தொகை எழுதிக் கொடுத்தது. பின்னால் குடியுரிமையும் கொடுத்தது. அவர் மெல்ல அந்த நகரத்து ஆளாகவே ஆகிப்போனார். மிலான் தன்னை விழுங்க வந்தபோது ஃபுளோரன்ஸின் படைத்தலைவர் அவர்தான். 1394இல் அவர் இறந்ததும் நகரத்தின் பெரிய தேவாலயத்தில் அரசு மரியாதையோடு சடங்கு நடந்தது. 1436இல் பாவோலோ உச்செல்லோ அதே தேவாலயச் சுவரில் அவரைக் குதிரைமேல் வரைந்தார், இன்றும் இருக்கிறது. காட்டிக்கொடுக்கிறவனுக்கு ஊர் இதைச் செய்யாது.

இதை மாக்கியவெல்லி எப்படிச் சமாளிக்கிறார் தெரியுமா? ஹாக்வுட் பெரிய வெற்றி எதுவும் பெறவில்லை, அதனால் அவருடைய விசுவாசத்தைச் சோதிக்க வாய்ப்பு வரவில்லை, வெற்றி பெற்றிருந்தால் ஃபுளோரன்ஸ் அவர் கையில் சிக்கியிருக்கும் என்கிறார். என்னங்க இது? துரோகம் செய்தால் என் விதி சரி, துரோகம் செய்யாவிட்டால் அவனுக்குச் சந்தர்ப்பம் வரவில்லை. எப்படிச் சோதித்தாலும் பாஸ் ஆகிற டெஸ்ட் கேஸ் எழுதினால் எங்கள் வேலையில் டீம் லீட் திருப்பி அனுப்பிவிடுவார்.

இரண்டாவது உதாரணம் ஃபிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ட்சா. மிலானின் குடியரசு வேலைக்கு எடுத்த தளபதி, 1450இல் அந்த மிலானுக்கே பிரபு ஆகிவிட்டார். மாக்கியவெல்லிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அவர் சொல்லாமல் கடந்துபோகும் விஷயம், ஸ்ஃபோர்ட்சா முந்தைய மிலான் பிரபுவின் மகளைக் கட்டியவர் என்பது. மாமனார் ஆண் வாரிசு இல்லாமல் 1447இல் இறந்தார். மருமகனுக்கு ஒரு வாரிசுக் கோரிக்கை கையில் இருந்தது. கூலி வாங்கியதால் ஆட்சியைப் பிடித்தாரா, மருமகன் என்பதால் பிடித்தாரா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

இந்த இடத்தில் வெனிஸைப் பார்க்க வேண்டும். அந்தக் குடியரசும் நூற்றாண்டுக் கணக்கில் வாடகைத் தளபதிகளைத்தான் வைத்திருந்தது. ஒரு தளபதிகூட வெனிஸைப் பிடிக்கவில்லை. அங்கே வந்தவர்கள் மட்டும் நல்லவர்களா? இல்லை. வேலைக்கு வைத்த முறை வேறு.

தளபதியோடு போடும் ஒப்பந்தத்துக்கு அந்தக் காலத்து இத்தாலியில் 'கொண்டோட்டா' என்று பெயர். எத்தனை ஆள், எத்தனை குதிரை, எத்தனை மாதம், மாதம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். காலம் இரண்டு பகுதி. முதல் பகுதி கட்டாயம். அடுத்தது, விரும்பினால் அரசு நீட்டிக்கொள்ளலாம். கணக்கர்கள் வந்து ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணுவார்கள். ஒவ்வொரு குதிரையின் நிறமும் அடையாளமும் பதிவேட்டில் ஏறும். ஏன் என்றால், ஒரே குதிரையை இரண்டு தடவை காட்டி இரண்டு சம்பளம் வாங்குவது வழக்கமான தில்லுமுல்லு. இது போக, படையோடு கூடவே வெனிஸின் சிவில் அதிகாரிகள் போவார்கள். தளபதி யாரோடு பேசுகிறான், ஏன் இன்றைக்குத் தாக்கவில்லை என்பதெல்லாம் அவர்கள் வழியாகத் தலைநகருக்கு வந்துவிடும். போர் முடிந்த மறுநாளே கணக்கை முடித்து அனுப்பிவிடுகிற ஊர்களில், போர் முடியாமல் இழுத்தடிப்பதுதான் தளபதிக்கு லாபம். வெனிஸ் நீண்டகால ஒப்பந்தம், நிலம், ஓய்வூதியம் என்று கொடுத்து அந்த லாபத்தையே இல்லாமல் ஆக்கியது.

தண்டிக்கும் கையையும் வெனிஸ் தன்னிடமே வைத்திருந்தது. கார்மஞோலா என்ற தளபதி மிலானிலிருந்து கட்சி மாறி வந்தவர். 1427இல் மக்ளோடியோவில் வெனிஸுக்குப் பெரிய வெற்றி வாங்கித் தந்தார். பிறகு வேகம் குறைந்தது. பழைய முதலாளியோடு பேச்சு வைத்திருக்கிறார் என்ற சந்தேகம் வந்தது. ஆலோசனை என்று அழைத்தார்கள், வந்தார், பிடித்து விசாரித்து 1432 மே மாதம் புனித மார்க் சதுக்கத்தருகே இரண்டு தூண்களுக்கு நடுவில் தலையை வெட்டினார்கள். அவருடைய படை வெனிஸ் மீது பாயவில்லை. அதற்குப் பின் வந்த கொல்லேயோனி 1475இல் சாகும் வரை, இருபது வருடம், வெனிஸின் தலைமைத் தளபதியாகவே இருந்தார்.

ஆக, விசுவாசம் என்பது ஆளின் ரத்தத்தில் வருகிற குணம் என்பதைவிட, அமைப்பு உண்டாக்கும் விளைவு என்று எனக்குப் படுகிறது. மாக்கியவெல்லிக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. வெனிஸைப் பற்றியும் அதே அத்தியாயத்தில் எழுதுகிறார். ஆனால் அவருக்குச் சொந்தமாக ஒரு திட்டம் இருந்தது. 1506இல் ஃபுளோரன்ஸுக்கு ஒரு குடிமக்கள் படையை உருவாக்கியதே அவர்தான். கிராமத்து ஆட்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். 1512 ஆகஸ்ட்டில் அந்தப் படை பிராத்தோ நகரில் ஸ்பானிய ராணுவத்தைச் சந்தித்தது. சுவரில் ஒரு ஓட்டை விழுந்ததும் சொந்த மண்ணின் மைந்தர்கள் ஓடிவிட்டார்கள். ஊர் சூறையாடப்பட்டது. மெதிச்சி குடும்பம் திரும்பி வந்தது, மாக்கியவெல்லி வேலையை இழந்தார், அடுத்த ஆண்டு சிறையில் சித்திரவதைப்பட்டார். 'பிரின்ஸ்' அதற்குப் பிறகு எழுதிய நூல். தன் திட்டம் தோற்ற பிறகும் அதையே சிபாரிசு செய்கிற மனுஷனின் பிடிவாதம் எனக்குப் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் 12ஆம் அத்தியாயத்தைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

சரி, ஐநூறு வருஷத்துக் கதை போதும். இந்த அளவுகோலை நம் காலத்து வாக்னர் மேல் வைத்துப் பார்ப்போம்.

2023 ஜூனில் பிரிகோஷின் மாஸ்கோ நோக்கிப் படையைத் திருப்பியபோது, எல்லா ஊர்க் கட்டுரையாளர்களும் மாக்கியவெல்லியை எடுத்து மேற்கோள் காட்டினார்கள். பார்த்தீர்களா, கூலிக்காரன் புத்தியைக் காட்டிவிட்டான் என்று. எனக்கு அது தவறான வாசிப்பாகத் தோன்றுகிறது.

முதலில் ஒரு சட்ட விநோதம். ஜெனீவா ஒப்பந்தங்களின் முதல் கூடுதல் நெறிமுறை, 47ஆவது பிரிவு, கூலிப்படைக்காரன் யார் என்று வரையறுக்கிறது. ஆறு நிபந்தனைகள், ஆறும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். அதில் ஒன்று, போரிடும் நாட்டின் குடிமகனாக இருக்கக் கூடாது. உக்ரைனில் சண்டை போட்ட வாக்னர் ஆட்களில் மிகப் பெரும்பாலோர் ரஷ்யர்கள். ஆகவே அந்தச் சட்டப்படி அவர்கள் கூலிப்படையே இல்லை! இன்னொரு நிபந்தனை, அந்த நாட்டு ராணுவத்தின் உறுப்பினராக இருக்கக் கூடாது. அதனால்தான் சம்பளத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த நேபாள கூர்க்காக்களை நம் ராணுவத்தில் யாரும் கூலிப்படை என்று சொல்ல முடியாது. கூர்க்கா வேறு நாட்டுக்காரர், ஆனால் இந்திய ராணுவச் சட்டத்தின் கீழ் வருபவர். வாக்னர் ஆள் சொந்த நாட்டுக்காரர், ஆனால் எந்த ராணுவச் சட்டத்தின் கீழும் இல்லை. யாரை நம்பலாம்? பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்தால் தப்பான பதில் வரும்.

வாக்னரை ரஷ்ய அரசு வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தது. ரஷ்யக் குற்றவியல் சட்டத்தின் 359ஆவது பிரிவு கூலிப்படையைத் தடை செய்கிறது. அதனால் காகிதத்தில் வாக்னர் என்று ஒன்று இல்லவே இல்லை. ஆனால் அவர்களுடைய பயிற்சி முகாம் மோல்கினோவில், ராணுவ உளவுத் துறையின் சிறப்புப் படைத் தளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. 2018 பிப்ரவரி 7 இரவு சிரியாவின் டெய்ர் எஸ்ஸோர் பகுதியில், அமெரிக்கர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் இருந்த இடத்தை நோக்கி ஒரு படை முன்னேறியது. அதில் வாக்னர் ஆட்களும் இருந்தார்கள். இரு தரப்பும் மோதிக்கொள்ளாமல் இருக்க வைத்திருந்த தொலைபேசித் தொடர்பில் அமெரிக்கர்கள் கேட்டார்கள். அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை என்று ரஷ்யத் தரப்பு பதில் சொன்னது. பிறகு விமானங்களும் பீரங்கிகளும் அந்தப் படையை அடித்து நொறுக்கின. அரசு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் செத்தார்கள். இங்கே யார் யாருக்கு விசுவாசமாக இல்லை?

தேசிய ராணுவத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் துல்லியமாகத் தெரிவது இந்த இடத்தில்தான். சொந்த ராணுவத்தை "எங்களுடையது இல்லை" என்று அரசு சொல்ல முடியாது. பொறுப்பைக் கைகழுவ முடியாததால்தான் அதன்மேல் முழு அதிகாரமும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பொறுப்பை உதற வேண்டும் என்று ஆசைப்பட்டால், அதிகாரத்திலும் கொஞ்சம் கூடவே போய்விடும். இரண்டையும் தனித்தனியாக விற்க மாட்டார்கள்.

பணம் முழுக்க அரசுடையது. கலகம் முடிந்த பிறகு புதினே சொன்னார், 2022 மே முதல் 2023 மே வரை வாக்னர் ஆட்களின் சம்பளத்துக்கும் ஊக்கத்தொகைக்கும் அரசு கொடுத்தது 8,626 கோடி ரூபிள் என்று. ஆயுதமும் அரசுடையது. பாக்மூத் சண்டையின்போது பிரிகோஷின் இறந்தவர்களின் உடல்களை வரிசையாகக் கிடத்தி, அதன்முன் நின்று பாதுகாப்பு அமைச்சரையும் தலைமைத் தளபதியையும் பேர் சொல்லித் திட்டி, குண்டு எங்கே என்று கேட்டார். ஆக, பணக் குழாயும் குண்டுக் குழாயும் அரசின் கையில். பிறகு எது இல்லை?

கட்டளையும் தண்டனையும் இல்லை. ராணுவச் சிப்பாய் முகாமை விட்டு ஓடினால் அது குற்றம், ராணுவ நீதிமன்றம் இருக்கிறது. தனியார் கம்பெனி ஆள் ஓடினால் சட்டப்படி அது ஒப்பந்த மீறல், நம்மூரில் நோட்டீஸ் பீரியட் முடிக்காமல் வேலையை விடுகிற மாதிரி. ஆனால் சிறைகளிலிருந்து ஆறு மாத ஒப்பந்தத்தில், பிழைத்தால் மன்னிப்பு என்று அழைத்து வரப்பட்ட பல்லாயிரம் பேரை வெறும் ஒப்பந்தத்தால் பதுங்குகுழியில் நிறுத்த முடியுமா? வாக்னர் தனக்கென ஒரு தண்டனை முறையை வைத்துக்கொண்டது. எதிரியிடம் போய்த் திரும்பி வந்த ஒருவரைச் சம்மட்டியால் அடித்துக் கொல்லும் காட்சி 2022 நவம்பரில் வெளியானது. எந்த நீதிமன்றமும் இல்லை, எந்த விசாரணையும் இல்லை. தண்டிக்கும் உரிமையைத் தனியார் எடுத்துக்கொண்டபோது அரசு பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. ஒரு படையில் யாருக்குப் பயப்பட வேண்டுமோ, அவருக்குத்தான் கடைசியில் கீழ்ப்படிவார்கள். வாக்னரில் அது பிரிகோஷின்.

2023 ஜூன் 10 அன்று பாதுகாப்பு அமைச்சகம் ஒரு உத்தரவு போட்டது. தன்னார்வப் படைகள் எல்லாம் ஜூலை 1க்குள் அமைச்சகத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும். ஒன்பது வருடமாக விட்டுவைத்த ஓட்டையை மூன்று வாரத்தில் அடைக்கும் முயற்சி. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், வெளி ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் சர்வரின் ரூட் பாஸ்வேர்ட் வருஷக் கணக்கில் இருந்தது. நல்ல மனுஷர், ஒரு தப்பும் செய்ததில்லை. ஆனால் அடுத்த மாதம் உங்கள் அனுமதி ரத்து என்று முன்கூட்டியே மெயில் அனுப்பிவிட்டு, பாஸ்வேர்டை மாற்றாமல் இருந்தோம். நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

பிரிகோஷின் மறுத்தார். கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டவர்கள் ஒன்றிரண்டு சதவீதம்தான் என்றார். ஜூலை 1 அன்று வாக்னர் இல்லாமல் போகவிருந்தது, அதைத் தடுக்கத்தான் கிளம்பினோம், ஆட்சியைக் கவிழ்க்க அல்ல என்று கலகத்துக்குப் பிறகு விளக்கம் சொன்னார். ஜூன் 24 காலை ரோஸ்டோவில் தெற்கு ராணுவத் தலைமையகம் அவர் ஆட்களின் கையில். இன்னொரு அணி மாஸ்கோ நோக்கிப் போனது. வழியில் ரஷ்ய ஹெலிகாப்டர்களையும் ஒரு விமானத்தையும் சுட்டு வீழ்த்தியது. மாஸ்கோவுக்கு 200 கிலோமீட்டர் இருக்கும்போது லுகாஷென்கோவின் மத்தியஸ்தத்தில் திரும்பிவிட்டார்கள். அத்தனை பேர் அவர் சொல்லைக் கேட்டுப் போனார்கள், அவர் சொன்னதும் திரும்பினார்கள். விசுவாசம் இல்லாத படை செய்கிற காரியமா இது? விசுவாசம் நிறையவே இருந்தது. அது யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதை அரசுதான் ஒன்பது வருடம் கவனிக்காமல் விட்டிருந்தது. ஆகஸ்ட் 23 அன்று பிரிகோஷின் பயணம் செய்த விமானம் த்வேர் பகுதியில் விழுந்தது. ஆப்பிரிக்காவில் வாக்னர் செய்த வேலைகள் படிப்படியாகப் பாதுகாப்பு அமைச்சகத்தின் நேரடிப் பொறுப்பில் உள்ள 'ஆப்பிரிக்கா கார்ப்ஸ்' கைக்கு மாறின.

மாக்கியவெல்லி பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லவரவில்லை. சம்பளம் சாவதற்குப் போதாது என்று அவர் சொன்னது பெருமளவு உண்மை. பாக்மூத்தில் சம்பளத்தோடு மன்னிப்பும் சம்மட்டியும் தேவைப்பட்டன. கட்டுப்படுத்தும் எல்லாக் கருவியும் கையில் இருக்கிற தேசிய ராணுவமும் ஆட்சியைப் பிடிக்கும் என்பதற்குப் பக்கத்து நாட்டில் 1958, 1977, 1999 என்று வருஷங்கள் இருக்கின்றன. அது என் வாதத்துக்கும் இடி, அவர் வாதத்துக்கும் இடி.

ஆனால் என்னை உறுத்துவது ரோஸ்டோவ்தான். அங்கே இருந்த முறையான ரஷ்ய ராணுவத்தினரில் பெரும்பாலோர் வாக்னரோடு சேரவும் இல்லை, வாக்னரைத் தடுக்கவும் இல்லை. ஒதுங்கி நின்று பார்த்தார்கள். அவர்களுக்குச் சட்டம் இருந்தது, கட்டளைச் சங்கிலி இருந்தது, நாட்டின்மேல் எடுத்த உறுதிமொழியும் இருந்தது. ஊர் மக்கள் டாங்கிக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தெருவில் ஒருவர் வழக்கம்போல ரோடு பெருக்கிக்கொண்டிருந்த வீடியோவும் வந்தது.